யார் எந்தக் கருத்தைச் சொன்னார்? ஐஇஎல்டிஎஸ் லிஸனிங் மூன்றாம் பகுதிக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஐஇஎல்டிஎஸ் லிஸனிங் தேர்வில் நான்கு பகுதிகளும் 40 கேள்விகளும் உள்ளன. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். இவற்றில் 21 முதல் 30 வரையான கேள்விகளைக் கொண்ட மூன்றாம் பகுதியில் மாணவர்கள் தங்களுக்குள்ளோ, ஒரு டியூட்டருடன் சேர்ந்தோ ஒரு பாடவேலையைப் பற்றிப் பேசுவார்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பேரும், அதிகபட்சம் நான்கு பேரும் இருப்பார்கள். முதல் இரண்டு பகுதிகளில் தொலைபேசி எண்ணையும் கட்டணத்தையும் சரியாகப் பிடித்துவிடுகிறவர்கள் இங்கு வந்ததும் தடுமாறுவதற்குக் காரணம், கேள்வியின் தன்மையே மாறிவிடுவதுதான். முன்பு என்ன சொல்லப்பட்டது என்பதைக் கேட்டால் போதும். இங்கே அதைச் சொன்னவர் யார், மற்றவர் அதை ஏற்றாரா, கடைசியில் எந்த முடிவில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ 23 சரியான விடைகளுக்கு பேண்ட் 6, 30 விடைகளுக்கு பேண்ட் 7 என்பது கணக்கு என்பதால், இந்த ஒரு பகுதியில் நான்கைந்து மதிப்பெண் நழுவினாலே பேண்ட் இறங்கிவிடக்கூடும்.

கீழே உள்ளவை அறிகுறிவாரியாக அமைந்துள்ளன. உங்களுக்கு உரியதை மட்டும் படிக்கலாம். ஆனால் அதற்கு முன், உங்களுடைய பிழை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கண்டறிய வேண்டும்.

முதலில் பிழையை இனம் காணுதல்

பயிற்சிப் புத்தகத்திலிருந்து மூன்றாம் பகுதி ஒன்றை எடுத்து, தேர்வில் போலவே ஒரே முறை கேட்டு விடை எழுதுங்கள். விடைப்பட்டியலைப் பார்க்காமல் வேறு நிறப் பேனாவை எடுத்து, அதே பதிவை இரண்டாம் முறை கேட்டு, விடை மாறினால் மாற்றுங்கள். மூன்றாவதாக, புத்தகத்தின் பின்பகுதியில் உள்ள உரையாடலின் எழுத்து வடிவத்தைப் படித்து இன்னொரு நிறத்தில் திருத்துங்கள். இதற்குப் பிறகே விடைகளைச் சரிபாருங்கள்.

இரண்டாம் முறை கேட்டபோதே சரியாகிவிட்ட கேள்விகளில் உங்கள் ஆங்கிலத்தில் குறை இல்லை. ஒரே நேரத்தில் படிப்பது, கேட்பது, எழுதுவது என்ற மூன்று வேலைகளின் சுமைதான் அங்கே தவறுக்குக் காரணம். எழுத்தில் படித்தபோது மட்டும் சரியான கேள்விகளில் குரலைப் பிரித்தறிவதிலோ, வேகமாகச் சொல்லப்பட்ட சிறு சொற்களைப் பிடிப்பதிலோ சிக்கல் இருக்கிறது. எழுத்தில் படித்த பிறகும் தவறாகவே நிற்கிற கேள்விகள்தான் உண்மையில் கவனிக்க வேண்டியவை, ஏனெனில் ஒப்புதலையும் மறுப்பையும் ஆங்கிலம் எப்படிச் சொல்கிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அவை காட்டுகின்றன. பலர் இந்த மூன்றாம் வகையைச் சொல்வளக் குறைவு என்று எண்ணிச் சொற்பட்டியல் மனப்பாடம் செய்யப் போய்விடுகிறார்கள். அதனால் இந்தப் பிழை அசைவதில்லை.

எடுத்துக்காட்டு உரையாடல்

பின்வரும் உரையாடலைப் பயிற்சிக்காக நானே எழுதினேன். ஹெலன், மார்க், ஓவன் என்ற மூன்று மாணவர்கள், வளாகத்தில் மிதிவண்டி வாடகைக்கு விடும் திட்டம் பற்றிய ஆய்வறிக்கையைப் பேசுகிறார்கள். தேர்வில் இது ஆங்கிலத்தில் ஒலிக்கும். இங்கே பொருளைத் தமிழிலும், முடிவைத் தீர்மானிக்கும் சொற்களை மட்டும் ஒலிக்கிறபடியும் தந்திருக்கிறேன். ஒவ்வொரு கூற்றையும் யார் யார் ஏற்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். கூற்று 21: கேள்விப் படிவம் மிக நீளமானது. கூற்று 22: நேர்காணல்கள் பயனுள்ள தகவலைத் தந்தன. கூற்று 23: வரைபடம் அறிக்கையின் முதன்மைப் பகுதியில் இடம்பெற வேண்டும்.

ஹெலன்: மார்க், முதலில் கேள்விப் படிவத்தைப் பேசிவிடலாம். அது அப்படியொன்றும் சின்னதாக இல்லை, வாஸ் இட்?

மார்க்: நோ. இருபத்திரண்டு கேள்விகள். நானாக இருந்தால் பாதியிலேயே விட்டிருப்பேன்.

ஓவன்: யா, பட் தொடங்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே முடித்துவிட்டார்கள். நீளம்தான் சிக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை. நேர்காணல்கள்தான் இருப்பதிலேயே சிறந்த பகுதி என்று டியூட்டர் நினைக்கிறார் போலிருக்கிறது.

ஹெலன்: உனக்கும் அப்படித்தான் தோன்றியதா?

ஓவன்: வெல், நடத்துவதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்துப் பயன்படுத்த எனக்கு எதுவும் தேறவில்லை.

மார்க்: ரியலி? என்னுடைய நல்ல மேற்கோள்கள் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன.

ஹெலன்: இதில் நான் ஓவன் பக்கம். வரைபடத்தை என்ன செய்வது?

மார்க்: பின்னிணைப்பில் போட்டுவிடலாம்.

ஹெலன்: முதன்மைப் பகுதியிலேயே வைக்க முடியாதா? இல்லாவிட்டால் யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

மார்க்: ஏற்கெனவே சொல் வரம்பைத் தாண்டிவிட்டோமே.

ஓவன்: வரைபடத்தில் சொற்கள் கிடையாதே, மார்க்.

மார்க்: ம்ம், ஃபேர் பாயிண்ட். ஓகே, உள்ளேயே வைத்துவிடுவோம்.

விடைகள்: 21க்கு ஹெலனும் மார்க்கும், 22க்கு மார்க் மட்டும், 23க்கு மூவரும். இவற்றில் ஒன்றோ இரண்டோ உங்களுக்கு வேறாக வந்திருந்தால் அதற்கான காரணம் கீழே இருக்கிறது.

அறிகுறி 1: பேசுகிறவர் யார் என்பதே தெரியாமல் போகிறது

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் பேசும் பதிவுகளில் இந்தச் சிக்கல் எழாது. மூன்றாவது ஆள் சேர்ந்து, இருவர் ஒரே பாலினத்தவராக இருக்கும்போதுதான் குரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இங்கே நிறையப் பேர் செய்கிற பிழை, ஒரு பெயர் காதில் விழுந்த உடனே அந்தப் பெயரை அப்போது ஒலித்துக்கொண்டிருக்கும் குரலோடு ஒட்டிவிடுவதாகும். உரையாடலில் யாரும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வதில்லை. கேள்வியோடு சேர்ந்து பெயர் வந்தால், பெரும்பாலும் அதற்கு அடுத்து ஒலிக்கும் குரல்தான் அந்தப் பெயருக்கு உரியது. மேலே உள்ள உரையாடலில் ஹெலன் ‘மார்க்’ என்று அழைத்ததும் வருகிற ஆண் குரல் மார்க்குடையது. அதற்குப் பின் வருகிற புதிய ஆண் குரல் ஓவனாகத்தான் இருக்க முடியும், அவன் பெயர் இன்னும் சொல்லப்படாவிட்டாலும்.

ஆகவே பதிவு தொடங்குமுன் அறிவிப்பாளர் சொல்லும் அறிமுக வரியை வீணாக்காதீர்கள். எத்தனை பேர், அவர்களில் டியூட்டர் உண்டா, கேள்வித்தாளில் எந்தப் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன என்பதைப் பார்த்து, அந்தப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கேள்விகளுக்கு மேலே எழுதிக்கொள்ளுங்கள். முதல் நான்கைந்து பேச்சு முறைகளில், அதாவது ஒருவர் மாறி ஒருவர் பேசும் தடவைகளில், விடை தேடுவதைவிட, எந்த முதலெழுத்து எந்தக் குரல் என்று பொருத்துவதற்கு முன்னுரிமை தாருங்கள். விடைக்குரிய செய்தி அத்தனை சீக்கிரம் வருவது அரிது, அப்படியே வந்தாலும் ஒரு மதிப்பெண்தான் போகும், ஆனால் குரல் பொருத்தம் தவறினால் ஐந்து கேள்விகள் சேர்ந்து போகும்.

டியூட்டர் இருக்கும் பதிவு இதைவிட எளிது. அவர் பெரும்பாலும் கேட்பார், பாராட்டுவார், திருத்தச் சொல்வார், அவரை அவருடைய வேலையாலேயே அடையாளம் காணலாம். சில பதிவுகளில் உச்சரிப்பும் உதவும். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, வட அமெரிக்க உச்சரிப்புகள் தேர்வில் கலந்து வருவதால், ஒருவர் மற்றவரிடமிருந்து தெளிவாக வேறுபட்டு ஒலிக்கலாம். ஆனால் இதை நம்பி இருக்க முடியாது.

அறிகுறி 2: கருத்து சரி, ஆள் தவறு

22ஆம் கூற்றுக்கு ஓவனை எழுதியவர்களின் பிழை இது. ‘நேர்காணல்கள்தான் சிறந்த பகுதி’ என்ற சொற்கள் ஓவன் வாயிலிருந்துதான் வந்தன. ஆனால் அது டியூட்டருடைய கருத்து, ஓவன் அதைத் தெரிவிக்க மட்டும் செய்தான். காது சொற்களைப் பிடித்துவிட்டு, ஆங்கிலத்தில் அவற்றுக்கு முன்னால் மெலிதாக வரும் ‘சீம்ட் டு திங்க்’ என்பதைத் தவறவிட்டுவிடுகிறது. தமிழில் ‘என்று நினைக்கிறார்’ என்பது வாக்கியத்தின் கடைசியில், அழுத்தமாக வருகிறது. ஆங்கிலத்தில் அதுவே தொடக்கத்தில், அழுத்தமில்லாமல், கருத்து வருமுன்னே கடந்துபோய்விடுகிறது. முடிவில் வரும் வினைக்காகக் காத்திருந்து பழகிய நமக்கு இது கூடுதல் இடர்ப்பாடு.

இதற்குத் தீர்வு, ஒரு கருத்தைக் கேட்டவுடன் விடை எழுதாமல் அடுத்த பேச்சு முறை முடியும்வரை பென்சிலை நிறுத்தி வைப்பதாகும். பிறர் கருத்து ஒன்று எடுத்துக்காட்டப்பட்டால், தேர்வு அதை அப்படியே விட்டுவிடுவது அரிது. உடனே ‘உனக்கு எப்படித் தோன்றியது’ என்ற கேள்வியோ, ‘பட் ஐ’, ‘பெர்சனலி’ போன்ற தொடக்கமோ வரும். அப்போது சொல்லப்படுவதுதான் பேசுகிறவரின் சொந்தக் கருத்து. ‘ஸம் பீப்பிள் ஸே’, ‘த ஆர்ட்டிகிள் க்ளெய்ம்ட்’, ‘அப்பேரன்ட்லி’ என்பவற்றைக் கேட்டதும், இனி வருவது இவருடையது அல்ல என்று எச்சரிக்கையாகிவிடுங்கள்.

அறிகுறி 3: இருவரும் ஏற்றார்களா என்ற கேள்வியில் எப்போதும் தவறுகிறது

எழுத்தில் படித்தாலும் திருந்தாத பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, எதிர்மறைக் கூற்றுக்குத் தரும் மறுமொழி. ‘இது சின்னதாக இல்லை, இல்லையா?’ என்று ஒருவர் கேட்டால், ஒத்துப்போகிற தமிழர் ‘ஆமாம், இல்லை’ என்பார். ‘ஆமாம்’ என்பது, கேட்டவர் சொன்னது சரி என்று உறுதிப்படுத்துகிறது. ஆங்கிலத்தில் மறுமொழி, கேட்டவரோடு ஒத்துப்போகிறதா என்பதைப் பொறுத்து அமைவதில்லை, பதில் வாக்கியம் எதிர்மறையா உடன்பாடா என்பதைப் பொறுத்து அமைகிறது. எனவே சின்னதாக இல்லை என்று தானும் நினைக்கிற மார்க் ‘நோ’ என்றான். அது முழு ஒப்புதல். அவன் ‘யெஸ், இட் வாஸ்’ என்று சொல்லியிருந்தால்தான் மறுப்பு. 21ஆம் கூற்றில் மார்க்கை விட்டுவிட்டவர்கள் பெரும்பாலும் அந்த ‘நோ’வைத் தமிழ்க் காதால் கேட்டிருப்பார்கள். இதை ஒரு விதியாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: முதல் வாக்கியம் எதிர்மறையாக இருந்தால் ‘நோ’ என்பது ஒப்புதல். ‘நைதர் டிட் ஐ’, ‘மீ நைதர்’, ‘ஐ டிட்ன்ட் ஐதர்’ ஆகிய மூன்றும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. எதிர்மறைச் சொல் உள்ளே இருந்தாலும் இவை முழுமையான ஒப்புதல்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு சிறு பயிற்சி போதும். நண்பர் ஒருவர் ‘தட் வாஸ்ன்ட் வெரி யூஸ்ஃபுல், வாஸ் இட்?’ என்பது போன்ற வரிகளை வாசிக்க, நீங்கள் சில முறை ஒத்துப்போயும் சில முறை மறுத்தும் வாயால் விடை சொல்லுங்கள். விடை சொல்லும் வாய்க்குப் பழகிய பிறகுதான் கேட்கிற காதுக்கும் பழகும். வெறுமனே விதியைப் படித்தவர்கள் பதிவின் வேகத்தில் மறுபடியும் தமிழ் முறைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டும் ஒலிகளை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது. ‘ம்ம்’, ‘ரைட்’, ‘ஐ ஸீ’, ‘ஐ ஸீ வாட் யூ மீன்’ என்பவை தமிழில் நாம் கதை கேட்கும்போது கொட்டும் ‘உம்’ போன்றவை. அவை ஒருவரின் நிலைப்பாட்டைச் சொல்வதில்லை. ‘யா, பட்’ இன்னும் அபாயகரமானது. முதல் சொல் தெளிவாக ஒலிக்கும், மறுப்பைத் தாங்கிய இரண்டாவது சொல் அடுத்த வாக்கியத்தோடு சேர்ந்து ஓடிவிடும். ஓவன் கேள்விப் படிவத்தைப் பற்றிச் சொன்னது இப்படித்தான். ஆகவே ‘யா’, ‘ட்ரூ’, ‘தட்ஸ் எ குட் பாயிண்ட்’ ஆகியவற்றுக்குப் பிறகு ‘பட்’, ‘தோ’, ‘ஹவ்எவர்’ வருகிறதா என்று கேட்டபின்பே ஒப்புதல் குறியைப் போடுங்கள். இதில் ‘தோ’ என்பது வாக்கியத்தின் கடைசியிலும் வரக்கூடியது, அதனால் வாக்கியம் முடியும்வரை பொறுக்க வேண்டும்.

மூன்றாவது, மறுப்பு கேள்வியின் உருவில் வருவது. ‘ரியலி?’, ‘டிட் யூ?’, ‘டு யூ திங்க் ஸோ?’ என்று குரல் மேலேறி ஒலித்தால், கேட்கிறவர் பெரும்பாலும் உடன்படவில்லை, நேரடியாக மறுப்பது நாகரிகமல்ல என்பதால் வியப்பாக மாற்றிச் சொல்கிறார். மார்க்கின் ‘ரியலி?’ அப்படிப்பட்டது, அடுத்த வரியே அதை உறுதிசெய்துவிட்டது. இந்த ஒலிப்பதிவுகளில் ‘ஐ டிஸ்அக்ரி’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும் மாணவரைக் காண்பது அரிது. அதனால் அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, மறுப்புபோல் ஒலிக்கும் ஒப்புதல்களும் உண்டு. ‘ஐ குட்ன்ட் அக்ரி மோர்’ என்றால் இதற்குமேல் ஒத்துப்போக முடியாது என்ற அளவுக்கு ஒப்புதல் என்று பொருள். ‘டெல் மி அபௌட் இட்’ என்பது விளக்கம் கேட்பதல்ல, எனக்கும் அதே அனுபவம்தான் என்பது. ‘ஐ சப்போஸ் ஸோ’ அரைமனத்தோடு தரும் ஒப்புதல். அதன்பின் வருகிற வாக்கியம்தான் அதை முழுமையாக்கும் அல்லது கெடுக்கும்.

அறிகுறி 4: முதலில் சொன்னதை எழுதிவிடுகிறீர்கள், இறுதியில் மாறியது தெரிவதில்லை

23ஆம் கூற்றில் மார்க்கை விட்டவர்களுக்கு இது பொருந்தும். அவன் பின்னிணைப்பில் போடலாம் என்று தொடங்கி, சொல் வரம்பைக் காரணம் காட்டி, ஓவன் ஒரே வரியில் அந்தக் காரணத்தை உடைத்ததும் இறங்கிவந்தான். மாற்றத்தை முதலில் காட்டியவை ‘ஃபேர் பாயிண்ட்’ என்ற இரண்டு சொற்கள். ‘ஆக்சுவலி’, ‘கம் டு திங்க் ஆஃப் இட்’, ‘ஐ ஹாட்ன்ட் தாட் ஆஃப் தட்’ ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன.

இன்னொரு வகை மாற்றம் பதிவு தொடங்குமுன்பே நடந்து முடிந்திருக்கும். ‘ஐ தாட் இட் வுட் பி போரிங்’ என்று ஒருவர் ‘தாட்’ மீது அழுத்தம் கொடுத்துச் சொன்னால், அலுப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், ஆனால் அப்படி இருக்கவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். ‘ஐ வாஸ் எக்ஸ்பெக்டிங்’ என்பதும் அவ்வாறே. அலுப்பு என்ற சொல்லைக் கேட்டு எதிர்மறைக் குறி போட்டுவிட்டால் விடை தலைகீழாகிவிடும்.

இங்கே கேள்வியின் வினைச்சொல் உங்களுக்கு வழிகாட்டும். முடிவு என்ன, எதை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால் கடைசி நிலைதான் விடை. ஒருவருக்கு முதலில் என்ன தோன்றியது, எது வியப்பாக இருந்தது என்று கேட்டால் பழைய நிலையையோ அது மாறிய இடத்தையோ தேட வேண்டும். கேள்விகளைப் படிக்கத் தரும் அரை நிமிடத்தில், விடைத் தெரிவுகள் அனைத்தையும் படிப்பதைவிட இந்த வினைச்சொற்களின் கீழ் கோடிடுவது அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

அறிகுறி 5: குறிப்பெடுக்கும்போது அடுத்த கேள்வி போய்விடுகிறது

சொற்களில் குறிப்பெடுப்பதுதான் காரணம். ‘மார்க் படிவம் நீளம் என்கிறான்’ என்று சுருக்கி எழுதினாலும் அதற்குள் ஓவன் பேசி முடித்துவிடுவான். முதலிலேயே முதலெழுத்துகளை மேலே எழுதிக்கொண்டீர்கள் அல்லவா, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அந்த எழுத்தின் நேர்கீழே ஒரு குறி மட்டும் போடுங்கள்: ஏற்றால் கூட்டல், மறுத்தால் கழித்தல், தெளிவில்லாவிட்டால் புள்ளி. நிலை மாறினால் பழைய குறியை அழிக்காமல் அம்புக்குறி போட்டுப் புதியதை எழுதுங்கள். மேலே உள்ள உரையாடலுக்கு அது இப்படி அமையும்.

```
      ஹெ    மா      ஓ
21    +     +       −
22    −     +       −
23    +     − → +   +
```

22இல் டியூட்டரின் கருத்துக்குக் குறியே இல்லை என்பதைக் கவனியுங்கள். கட்டத்தில் பெயர் இல்லாதவரின் கருத்தைக் குறிக்க இடமே இல்லாததால், அறிகுறி 2இல் சொன்ன பிழையையும் இந்தக் கட்டம் ஓரளவு தடுத்துவிடுகிறது. 23இல் ஓவனுக்குப் போட்ட கூட்டல், அவன் நேரடியாகச் சொல்லாத ஒன்று. மார்க்கின் தடையை உடைத்ததிலிருந்து ஊகித்தது. அத்தகைய இடத்தில் முதலில் புள்ளி வைத்துவிட்டு, யாரும் எதிர்க்காமல் பேச்சு நகர்ந்த பிறகு கூட்டலாக மாற்றுவது பாதுகாப்பானது.

கேள்விகள் பதிவின் வரிசையிலேயே வரும். பொருத்துக வகையில் பெட்டிக்குள் இருக்கும் தெரிவுகளுக்குத்தான் வரிசை கிடையாது. எனவே ஒரு தலைப்பிலிருந்து பேச்சு அடுத்ததற்கு நகர்ந்துவிட்டால், ஹெலன் ‘வரைபடத்தை என்ன செய்வது’ என்று கேட்டதைப் போல, விடுபட்டதை அங்கேயே விட்டுவிட்டு விரலை அடுத்த எண்ணுக்கு நகர்த்துங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் வெற்றிடத்தைப் பின்னர் ஊகித்தாவது நிரப்பலாம். தாளில் எழுதும் தேர்வில் விடைகளை மாற்றி எழுத 10 நிமிடம் தனியாகக் கிடைக்கும். கணினித் தேர்வில் சரிபார்க்க 2 நிமிடம்தான், ஆகவே அங்கே கட்டத்திலிருந்து விடைக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாமல் ஒவ்வொரு கேள்வித் தொகுதியும் முடிந்த கையோடு முடித்துவிட வேண்டும்.

அறிகுறி 6: வீட்டில் சரியாக வருகிறது, தேர்வில் வருவதில்லை

வீட்டில் மூன்றாம் பகுதியை மட்டும் தனியாக எடுத்து, புதிய தெம்போடு கேட்கிறீர்களா என்று பாருங்கள். தேர்வில் அது 20 கேள்விகளுக்குப் பின் வருகிறது. பயிற்சியிலும் முதல் பகுதியிலிருந்தே நிறுத்தாமல் கேட்க வேண்டும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகுவதும் ஏமாற்றும், ஏனெனில் இரண்டாம் முறையே குரல்களும் முடிவுகளும் நினைவில் இருக்கும்.

தேர்வில் தற்செயலாக விழுந்த பிழையா, பழக்கமாகிவிட்ட பிழையா என்பதைப் பிரித்தறிய, புதிய பதிவுகளில் செய்த பிழைகளுக்கு எதிரே மேலே உள்ள அறிகுறி எண்ணை எழுதி வாருங்கள். ஒரே எண் மீண்டும் மீண்டும் வந்தால் அந்தப் பகுதியில் சொன்னதை மட்டும் பயிற்சி செய்தால் போதும். எண்கள் எல்லா வகையிலும் சிதறிக் கிடந்து, எழுத்து வடிவத்தைப் படிக்கும்போதே பல வரிகளுக்குப் பொருள் தெரியாமல் இருந்தால், இந்த வழிமுறை உங்களுக்கு இப்போது உதவாது. முதலில் இருவர் மட்டும் பேசும் எளிய பதிவுகளை எழுத்து வடிவத்தோடு சேர்த்துக் கேட்டுவிட்டு, அதன்பின் மூவர் பேசும் பதிவுகளுக்கு வருவது நல்லது.